தாங்கும் தளம், அசையும் தளம்: கோவை அலுவலகக் கட்டடம் ஒன்றில் அதிர்வு ஆய்வு

பின்னணி

கோவையில் நூற்பாலை எந்திரங்களுக்கான சுழலும் பாகங்களைச் செய்யும் ஒரு நடுத்தர நிறுவனத்தில் நடந்தது இது. நிறுவனத்தின் பட்டறை கணபதிப் பக்கம் பழைய ஷெட்டில் இருந்தது. வடிவமைப்பு, கணக்கு, தரப் பரிசோதனை ஆகிய மூன்றையும் சத்தி சாலையை ஒட்டிய ஒரு புது அலுவலகக் கட்டடத்தின் இரண்டாம் மாடிக்கு மாற்றினார்கள். தரப் பரிசோதனையோடு இரண்டு கருவிகளும் மேலே போயின. ஒன்று, வட்டத்தன்மை அளக்கும் கருவி. சுழலும் மேடையில் பாகத்தை வைத்து, அதன் ஓரத்தை ஒரு மெல்லிய ஊசிமுனை தொட்டுக்கொண்டிருக்க, பாகம் எவ்வளவு துல்லியமான வட்டம் என்று மைக்ரோமீட்டரின் சிறு பங்கில் சொல்லும். மற்றது, உலோகத்தின் உள்ளமைப்பைப் பார்க்கும் நுண்ணோக்கி.

மாற்றுவதற்கு முன் கட்டட உரிமையாளர் தன் கட்டமைப்புப் பொறியாளரிடம் கேட்டிருந்தார். கருவியும் மேசையும் சேர்ந்து ஏறக்குறைய 350 கிலோ. அலுவலகத் தளம் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 400 கிலோ அளவிலான பயன்பாட்டுச் சுமைக்கு வடிவமைக்கப்பட்டது. ஆகவே தளம் தாங்கும் என்று பதில் வந்தது. அந்தப் பதிலில் தவறு ஒன்றும் இல்லை. தளம் தாங்குமா என்று கேட்டார்கள், தாங்கும் என்றார். தளம் அசையுமா என்று யாரும் கேட்கவில்லை.

கட்டடம் சாதாரண காங்கிரீட் சட்டகம். தூண்களுக்கு இடையே ஒரு பக்கம் 7.2 மீட்டர், மறுபக்கம் 6 மீட்டர். தளம் 150 மில்லிமீட்டர் தடிமன், M25 காங்கிரீட், நான்கு பக்கமும் உத்திரங்கள். உள்ளே செங்கல் தடுப்புச் சுவர் கிடையாது. இடுப்பளவுப் பலகைத் தடுப்புகள் மட்டும் வைத்த திறந்த கூடம். கருவிகளை இட வசதி பார்த்து, நான்கு தூண்களுக்கு இடைப்பட்ட ஒரு கட்டத்தின் நடுவில் வைத்து, சுற்றிலும் கண்ணாடி அறை அமைத்திருந்தார்கள். அறைக்கு வெளியே அதே கட்டத்தின் ஓரமாக, லிஃப்டிலிருந்து கூடத்தின் கோடி வரைக்கும் பொது நடைபாதை.

கவனிக்கப்பட்டது

வட்டத்தன்மைக் கருவியோடு ஒரு கண்ணாடி அரைக்கோளம் வரும். ஏறக்குறையப் பிழையில்லாத வட்டம் அது. கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க அதைத்தான் வைத்து அளப்பார்கள். பழைய ஷெட்டில் அது 0.05 மைக்ரோமீட்டர் அளவில் நிலையாக நின்றது. புது இடத்தில் ஞாயிற்றுக்கிழமை அளந்தால் அதே 0.05. வேலை நாளில் 0.3, சில நேரம் 0.4. எந்த இரண்டு அளவும் ஒத்துவரவில்லை. நுண்ணோக்கியில் 500 மடங்கு பெருக்கத்தில் படம் பிடித்தால் ஓரங்கள் மங்கின.

தரப் பிரிவுத் தலைவர் சொன்னது இது: "ஞாயித்துக்கெழம வந்து பாத்தா ஒரு தப்பும் இல்லீங்க சார். திங்கக்கெழம காத்தால பத்து மணிக்கு மேலதான் கோடு தாறுமாறா ஓடுதுங்க."

முதலாளிக்குச் சாலை மேல் சந்தேகம். கனரக வண்டிகள் நாள் முழுக்க ஓடும் சாலை, ஞாயிற்றுக்கிழமை போக்குவரத்து குறைவு. அதனால் பழி லாரிகள் மேல் விழுந்தது. நாங்கள் அதிர்வை ஆய்வு செய்யப் போவதற்கு முன்பே இரண்டு காரியங்கள் நடந்திருந்தன. கருவி விற்றவர்களின் சேவைப் பொறியாளர் ஒருவர் வந்து தளத்தின் அதிர்வை அளந்து, வினாடிக்கு 46 மைக்ரோமீட்டர் என்றும், அனுமதிக்கப்பட்ட அளவு 50 என்பதால் தளத்தில் குறையில்லை என்றும் எழுதிக் கொடுத்துவிட்டார். பின்பு யாரோ சொன்னதைக் கேட்டு மேசையின் நான்கு காலுக்கும் கெட்டியான ரப்பர் திண்டுகள் வாங்கிப் போட்டார்கள். அதன் பிறகு படம் இன்னும் மோசமானது என்று நுண்ணோக்கியில் வேலை செய்யும் பெண் சொன்னார். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உண்மையில் முழுச் சிக்கலுக்கும் அதுதான் முதல் துப்பு.

முதல் கேள்வி: தளத்தின் இயல்பதிர்வெண் என்ன

எந்தத் தளத்தையும் ஒருமுறை தட்டிவிட்டால் அது தனக்கென்று உள்ள ஒரு வேகத்தில் மேலும் கீழும் ஆடி அடங்கும். வினாடிக்கு எத்தனை ஆட்டம் என்பதே இயல்பதிர்வெண். விறைப்பு கூடினால் அது கூடும், நிறை கூடினால் குறையும். தளம் தன் எடையாலும் நிலையாக மேலே இருக்கும் பொருள்களாலும் எவ்வளவு தொய்கிறது என்பதில் விறைப்பும் நிறையும் ஒன்றாக அடங்கியிருப்பதால், ஒரு சுருக்கமான சூத்திரம் பொறியாளர்களிடம் புழக்கத்தில் உண்டு:

f = 18 / √δ

இதில் δ என்பது தொய்வு, மில்லிமீட்டரில். f வினாடிக்கு ஆட்டங்கள், அதாவது ஹெர்ட்ஸ். இந்தத் தொய்வில் ஆண்டுக்கணக்கில் காங்கிரீட் மெல்லத் தளர்வதால் வரும் பங்கைச் சேர்க்கக் கூடாது. சுமை ஏறியவுடன் வரும் மீள்தொய்வு மட்டுமே கணக்கு. தளத்தின் தொய்வோடு அதைத் தாங்கும் உத்திரத்தின் தொய்வையும் கூட்ட வேண்டும். உத்திரத்தை அசையாத சுவர் போல நினைத்து விட்டுவிட்டால் விடை உண்மையைவிட அதிகமாக வரும். நான் பார்த்த கணக்குகளில் அடிக்கடி காணும் பிழை அது.

வரைபடத்தை வைத்துக் கணக்கிட்டதில் தளத்தின் பங்கு 2.3 மில்லிமீட்டர், உத்திரத்தின் பங்கு 3.3, மொத்தம் 5.6. சூத்திரத்தில் போட்டால் 7.6 ஹெர்ட்ஸ். இது IS 456 என்ற இந்தியக் காங்கிரீட் விதிநூல் தரும் மீட்சிக் குணகத்தைக் கொண்டு வந்தது. M25 காங்கிரீட்டுக்கு அது 5000√25, அதாவது 25,000 மெகாபாஸ்கல். ஆனால் நடக்கும்போது வரும் சிறு அசைவுகளுக்குக் காங்கிரீட் அதைவிட விறைப்பாக நடந்துகொள்ளும். அமெரிக்க எஃகுக் கட்டுமானக் கழகத்தின் 11ஆம் வடிவமைப்புக் கையேடு இதற்காகக் குணகத்தை 1.35 மடங்காக்கச் சொல்கிறது. அப்படிச் செய்தால் 8.8 ஹெர்ட்ஸ் வருகிறது. உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனோம்.

அளப்பதற்கு, மிக மெல்லிய அசைவையும் உணரும் முடுக்கமானிகளைத் தளத்தின் ஓடு மேல் நேரடியாக ஒட்டினோம். தரைவிரிப்பு மேல் வைத்தால் அளவு பிசகும். பிறகு குதிகால் சோதனை செய்தோம். நல்ல உடல்கட்டுள்ள ஒருவர் கட்டத்தின் நடுவில் நுனிக்காலில் எழும்பி நின்று, சட்டென்று குதிகாலைத் தளத்தில் விடுவார். அவ்வளவுதான். தளம் ஆடி அடங்குவது அலையாகப் பதிவாகும். இயல்பதிர்வெண் 8.5 ஹெர்ட்ஸ் என்று தெளிவாகத் தெரிந்தது.

அதே பதிவிலிருந்து இன்னொன்றும் கிடைக்கும். ஐந்து ஆட்டத்துக்குள் அலையின் உயரம் 40 சதவீதமாகக் குறைந்தது. அதிலிருந்து கணக்கிட்டால் தணிப்பு விகிதம் ஏறக்குறைய 3 சதவீதம். செங்கல் சுவர்கள் இல்லாத திறந்த கூடத்துக்கு இது இயல்பான அளவு. உயரமான தடுப்புச் சுவர்கள் இருந்திருந்தால் ஆட்டம் இன்னும் விரைவாக அடங்கியிருக்கும்.

லாரியா, நடையா

அடுத்து ஆட்டத்தின் மூலத்தைத் தேடினோம். காலையில் ஆட்கள் வருவதற்கு முன், சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருக்கையில் அளந்தோம். கருவி இருந்த இடத்தில் வினாடிக்கு 18 மைக்ரோமீட்டர்தான் வந்தது. குளிர்சாதன விசிறியின் மோட்டாரால் 24 ஹெர்ட்ஸ் அருகே ஒரு சிறு முனை தெரிந்தது. லாரிகளால் வந்த கூடுதல் எதுவும் பொருட்படுத்தும் அளவில் இல்லை.

பிறகு ஒருவரை நடைபாதையில் நடக்க விட்டோம். தாளக் கருவியின் ஒலிக்கேற்ப நிமிடத்துக்கு 100 காலடி, 110, 120 என்று ஒவ்வொரு வேகத்திலும் நடந்தார். நிதானமான நடையில் 210 வந்தது. நிமிடத்துக்கு 128 அடி என்ற வேகத்தில் 340க்கு ஏறியது. அதையும் தாண்டி வேகமாக நடந்தபோது அளவு குறைந்தது. வேகம் கூடக் கூட அதிர்வும் கூடிக்கொண்டே போகாமல், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் உச்சம் தொட்டு இறங்கியது. இது ஒத்ததிர்வின் அடையாளம்.

நிமிடத்துக்கு 128 அடி என்றால் வினாடிக்கு 2.13. தளமோ 8.5 ஹெர்ட்ஸில் ஆடுவது. இரண்டுக்கும் என்ன உறவு? கால் தளத்தை அழுத்துவது ஒரு சீரான அலை அல்ல. குதிகால் இறங்குவது, எடை மாறுவது, விரல் உந்துவது என்று ஒவ்வொரு அடிக்குள்ளும் விரைவான மாற்றங்கள் உண்டு. அதனால் நடையின் விசையில் அடிவேகத்தின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வெண்களும் கலந்திருக்கும். 2.13ஐ நான்கால் பெருக்கினால் 8.5. ஊஞ்சலை ஒவ்வொரு முறையும் தள்ளாமல் நான்கு ஆட்டத்துக்கு ஒருமுறை சரியான நேரத்தில் தள்ளினாலும் அது ஏறிக்கொண்டே போகும் அல்லவா, அப்படித்தான் இதுவும். மனிதர் நடப்பது பெரும்பாலும் வினாடிக்கு 1.6 முதல் 2.4 அடி வரை. நான்காம் மடங்குக்கு மேல் விசை மிகவும் மெலிந்துவிடும். ஆகவே 9, 10 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தளங்கள் நடையோடு ஒத்ததிர்வில் மாட்டக்கூடியவை. அதற்கு மேல் உள்ளவற்றில் ஒவ்வொரு அடியும் தனித்தனித் தட்டாக விழுந்து, அடுத்த அடிக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். இந்தத் தளம் எல்லைக்குச் சற்றுக் கீழே நின்றது.

ஞாயிற்றுக்கிழமை குறைந்தது லாரி மட்டுமில்லை, அலுவலக ஆட்களும்தான்.

எந்த எல்லையை வைத்து அளப்பது

340 என்பது அதிகமா? யாருக்கு என்பதைப் பொறுத்தது. அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்குப் பரவலாக ஏற்கப்பட்ட எல்லை வினாடிக்கு 400 மைக்ரோமீட்டர். பட்டறைக்கு 800, குடியிருப்புக்குப் பகலில் 200, அறுவை அரங்குக்கு 100. ஆக இந்தத் தளம் அலுவலகத் தளமாகத் தேறியது. அங்கே வேலை செய்த யாரும் ஆட்டத்தைப் பற்றிக் குறை சொன்னதில்லை, சொல்லக் காரணமும் இல்லை. கட்டியவர் மேல் பழி போடவும் இடமில்லை. இதை முதலாளிக்கும் கட்டட உரிமையாளருக்கும் ஒன்றாக வைத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குள் இருவருக்கும் இடையே மனக்கசப்பு தொடங்கியிருந்தது.

கருவிகளுக்கான எல்லைகள் இதற்குக் கீழே தொடங்குகின்றன. 1980களில் எரிக் அங்கரும் காலின் கோர்டனும் உருவாக்கிய வி.சி. என்னும் அதிர்வு எல்லை வரைகோடுகளைத்தான் இன்றும் உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். வி.சி.-ஏ என்பது வினாடிக்கு 50 மைக்ரோமீட்டர். 400 மடங்கு வரை பெருக்கும் நுண்ணோக்கிகளுக்கும் நுண்தராசுகளுக்கும் பெரும்பாலும் இது போதும். வி.சி.-பி 25, வி.சி.-சி 12.5 என்று ஒவ்வொரு படியிலும் பாதியாகும். எங்கள் வட்டத்தன்மைக் கருவியின் கையேட்டில் 'அதிர்வற்ற இடத்தில் வைக்கவும்' என்ற ஒரு வரிதான் இருந்தது. தயாரிப்பாளருக்கு எழுதிக் கேட்டதில் வி.சி.-ஏ அளவையே தந்தார்கள். நடுவில் வந்த 340 அதைப்போல் ஏறக்குறைய ஏழு மடங்கு.

அப்படியானால் சேவைப் பொறியாளருக்கு 46 எப்படி வந்தது? அவர் கருவியும் நல்லது, அவர் அளந்ததும் அதே இடத்தில்தான். ஆனால் அவர் பத்து நிமிடப் பதிவு முழுவதற்கும் சேர்த்து ஒரே சராசரி எடுத்திருந்தார். ஒருவர் அந்த நடைபாதையைக் கடக்க ஏழெட்டு வினாடி ஆகும். பத்து நிமிடத்தில் இரண்டு பேர் கடந்தால், அந்தப் பதினைந்து வினாடி ஆட்டம் மீதமுள்ள அமைதியில் கரைந்துவிடும். சராசரி தேறிவிடும். ஆனால் ஊசிமுனை அரைக்கோளத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது ஒருவர் கடந்தால் அந்த அளவு கெட்டுவிடும். கருவிக்குச் சராசரி அமைதி பயன்படாது, அது அளக்கும் நேரத்தில் வரும் உச்சம்தான் முக்கியம். ஆகவே ஒரு வினாடிக்கு ஒருமுறை கணக்கிட்டு, ஒவ்வொரு அதிர்வெண் பட்டையிலும் வந்த மிக அதிக மதிப்பை எடுத்தோம்.

வி.சி. எல்லை சொல்வது ஆர்.எம்.எஸ். திசைவேகத்தை, அதாவது வர்க்கங்களின் சராசரிக்கு வர்க்கமூலம் எடுத்து வரும் மதிப்பை, அதுவும் மூன்றிலொரு ஆக்டேவ் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டைக்கும் தனித்தனியாக. அலையின் உச்ச மதிப்பை அதோடு ஒப்பிடக் கூடாது. எல்லா அதிர்வெண்ணையும் சேர்த்து வந்த ஒற்றை எண்ணையும் ஒப்பிடக் கூடாது. எங்கள் 8.5 ஹெர்ட்ஸ் விழுவது 8 ஹெர்ட்ஸ் பட்டையில், அது 7.1 முதல் 8.9 வரை. வி.சி.-ஏ வரைகோடு 8 ஹெர்ட்ஸிலிருந்து 80 வரை ஒரே 50ஆக ஓடும். அதற்குக் கீழே எல்லை தளர்ந்துகொண்டே போய் 4 ஹெர்ட்ஸில் 100 ஆகும். தளத்தின் அதிர்வெண் தெரியாமல் வெறும் எண்ணை வைத்துத் தேறியது, தேறவில்லை என்று சொல்ல முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

ரப்பர் திண்டு செய்த கேடு

தளத்தில் 340 வந்த அதே நேரத்தில் மேசைப் பலகையின் மேல் அளந்தபோது 800 வந்தது. திண்டுகள் ஆட்டத்தை இரண்டேகால் மடங்குக்கு மேல் பெருக்கியிருந்தன.

திண்டின் மேல் நிற்கும் மேசையும் ஒரு தனி ஆட்ட அமைப்புதான். அதற்கும் இயல்பதிர்வெண் உண்டு. மேசையைத் தட்டிப் பார்த்ததில் அது 11 ஹெர்ட்ஸ். திண்டு ஆட்டத்தைத் தடுக்க வேண்டுமானால், கீழிருந்து வரும் அதிர்வெண் திண்டின் சொந்த அதிர்வெண்ணைப்போல் குறைந்தது 1.41 மடங்கு இருக்க வேண்டும். அதாவது 15.5 ஹெர்ட்ஸுக்கு மேல் வருவதைத்தான் இந்தத் திண்டு குறைக்கும். அதற்குக் கீழே வருவதைக் குறைக்காது, பெருக்கும். இரண்டும் நெருங்க நெருங்கப் பெருக்கம் கூடும். 8.5ஐ 11ஆல் வகுத்தால் 0.77. அந்த விகிதத்துக்குக் கணக்கில் வரும் பெருக்கம் 2.4. அளந்ததும் அதை ஒட்டியே வந்தது.

இத்தகைய திண்டுகள் வினாடிக்கு 24, 25 முறை சுழலும் மோட்டாருக்கோ ஜெனரேட்டருக்கோ கீழே போடச் செய்யப்பட்டவை. அந்த வேலையை நன்றாகச் செய்யும். மெதுவாக ஆடும் தளத்தின் மேல் நுண்கருவிக்கு அவை ஆகாது. திண்டுகளை அன்றே எடுக்கச் சொன்னோம். எடுத்த பிறகு மேசைமேல் அளவு தளத்தின் அளவுக்கே இறங்கியது. செலவு எதுவுமில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலாளியின் முதல் யோசனை தளத்துக்கு அடியில் எஃகு உத்திரம் கொடுத்து விறைப்பாக்குவது. கணக்குப் போட்டுக் காட்டினோம். விறைப்பை இரட்டிப்பாக்கினாலும் அதிர்வெண் இரண்டின் வர்க்கமூல அளவில்தான் கூடும். 8.5 என்பது 12 ஆகும். ஒத்ததிர்விலிருந்து வெளியே வந்துவிடும், ஆனால் ஒவ்வொரு அடியின் தட்டும் இருந்துகொண்டேதான் இருக்கும். எங்கள் மதிப்பீட்டில் அளவு 130 வாக்கில் நிற்கும். 50ஐ எட்டாது. அதற்காகக் கீழ்த்தளத்து வாடகைதாரரின் கூரையைப் பிரித்து, வேலை முடியும் வரை அவரை வெளியேற்ற வேண்டும். மனிதர் உணரும் ஆட்டத்துக்கு இந்த வழி பல இடங்களில் சரிவரும். ஏழு மடங்கு இறக்க வேண்டிய இடத்தில் சரிவராது.

தரைத்தளத்துக்கு இறக்கலாமா என்றும் பார்த்தோம். மண்ணின் மேல் நேரடியாக நிற்கும் தளத்தில் நடையால் வந்தது 12 மட்டுமே. ஆனால் அந்தக் கட்டடத்தின் தரைத்தளத்தில் வண்டி நிறுத்தமும் ஜெனரேட்டரும் இருந்தன. மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஓடும்போது 25 ஹெர்ட்ஸில் 90 வந்தது. தூசியும் அதிகம். ஜெனரேட்டரை இடம் மாற்ற உரிமையாளர் இசையவில்லை.

மிஞ்சிய வழி, இருக்கும் தளத்திலேயே ஆட்டம் குறைந்த இடத்தைத் தேடுவது. ஒரு கட்டம் ஆடும்போது நடுப்பகுதிதான் அதிகம் அசையும், தூணருகே அசைவு குறையும். கருவி கூடுதலாக ஆடும் இடத்தில் நிற்பதும் நடப்பவர் கூடுதலாக ஆட்டும் இடத்தில் நடப்பதும் ஒன்றையொன்று பெருக்கும். இரண்டையும் தனித்தனியாகக் குறைக்கலாம்.

கட்டம் முழுவதும் புள்ளிபுள்ளியாக அளந்து ஒரு வரைபடம் போட்டோம். கூடத்தின் மூலையில், இரண்டு உத்திரங்கள் தூணில் சேரும் இடத்தருகே, பழைய நடைபாதையில் ஆள் நடக்கையிலேயே அளவு 95 ஆக இருந்தது. கருவிகளை அங்கே மாற்றச் சொன்னோம். அடுத்து நடைபாதையை ஒரு கட்டம் தள்ளி, தூண் வரிசையை ஒட்டிப் போகும்படி மாற்றினோம். பழைய வழியில் யாரும் குறுக்கே போகாதபடி கோப்பு அலமாரிகளை வைத்து அடைத்தார்கள். 'இங்கே நடக்காதீர்கள்' என்று பலகை மாட்டினால் போதும் என்று ஒருவர் சொன்னார். லிஃப்டுக்குக் குறுக்குவழி இருக்கும் வரை ஆட்கள் அதில்தான் போவார்கள் என்பதால் அலமாரியை வற்புறுத்தினோம்.

பின்விளைவு

இடமும் வழியும் மாறிய பிறகு, ஒருவர் வேகமாக நடக்கையில் கருவியடியில் 44. எல்லைக்குள் வந்துவிட்டது. அரைக்கோளத்தின் அளவு 0.1க்கு இறங்கி, பெரும்பாலான நேரம் நிலையாக நின்றது. மதிய உணவு நேரத்தில் ஏழெட்டுப் பேர் ஒன்றாக எழுந்து போகும்போது மட்டும் 62 வரை ஏறியது. அந்த அரை மணி நேரம் அளக்காமல் இருந்தால் போதுமா என்று முதலாளி கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் நுண்ணோக்கியில் 500 மடங்குக்கு மேல் பார்க்க வி.சி.-ஏ போதாது, இன்னும் ஒரு படி கீழே வேண்டும் என்பதையும் கணக்கில் எடுத்தபோது, காற்றுத் தாங்கிகள் மேல் நிற்கும் தனிப்பு மேசை வாங்குவது என்று முடிவானது.

காற்று மேசையின் சொந்த அதிர்வெண் 2.5 ஹெர்ட்ஸ். தளத்தின் 8.5 அதைப்போல் 3.4 மடங்கு. கணக்குப்படி பத்தில் ஒரு பங்குதான் மேலே ஏற வேண்டும். நிறுவிய பின் அளந்ததில் கீழே 62 இருக்கையில் மேலே 7 வந்தது. 2.5 ஹெர்ட்ஸ் அருகே மட்டும் மேசை ஆட்டத்தைப் பெருக்கியது. கீழே 3, மேலே 6. அது நடையின் அடிப்படை வேகத்தை ஒட்டிய இடம் என்பதால் வாங்கும் முன்பே அங்கே தளம் எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்திருந்தோம். அந்த அதிர்வெண்ணில் எல்லை மிகவும் தளர்வு என்பதால் 6 பொருட்டில்லை. நடுத்தர உயரமுள்ள கட்டடங்களில் கட்டடமே பக்கவாட்டில் 1 முதல் 3 ஹெர்ட்ஸில் அசையக்கூடும். அங்கே இந்தச் சோதனையைச் செய்யாமல் காற்று மேசை வாங்கினால், ரப்பர் திண்டின் கதை வேறு அதிர்வெண்ணில் திரும்ப நடக்கலாம்.

அரைக்கோளம் இப்போது வேலை நாளிலும் 0.05, 0.06 என்று நிற்கிறது. நுண்ணோக்கிப் படங்கள் தெளிந்துவிட்டன.

அடுத்த முறை மாற வேண்டியவை

இத்தகைய கருவியோடு ஒரு மாடிக்குக் குடிபோகும் முன், வாடகை ஒப்பந்தத்துக்கு முன்பே, குதிகால் சோதனையும் நடைச் சோதனையும் செய்துவிட வேண்டும். ஒரு காலைப்பொழுது வேலைதான். ஆனால் வெற்றுத் தளத்தில் அளந்ததை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மேசையும் ஆட்களும் தடுப்புகளும் வந்த பின் நிறை கூடி அதிர்வெண் சற்று இறங்கும், தணிப்பு சற்று ஏறும்.

கருவி வாங்கும் ஆணையிலேயே அதிர்வு எல்லையை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். வெறும் எண் போதாது. திசைவேகமா முடுக்கமா, ஆர்.எம்.எஸ். மதிப்பா உச்சமா, எந்தப் பட்டையில், எவ்வளவு நேரச் சராசரி என்ற விவரங்கள் இருந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. அந்த விவரங்கள் முன்பே எழுத்தில் இருந்திருந்தால் 46ஐயும் 340ஐயும் வைத்து யாரும் வாதாட வேண்டியிருந்திருக்காது.

புதிதாகக் கட்டுபவர்கள் கருவி அறையைக் குறுகிய இடைவெளியுள்ள மூலைக் கட்டத்தில் வைத்து, நடைபாதையை வேறு கட்டத்தில் ஓட்டிவிட்டால் பாதி வேலை வரைபடத்திலேயே முடிந்துவிடும். IS 456 தொய்வுக்கு இடைவெளி, தடிமன் விகிதத்தைச் சொல்கிறது. நடையால் வரும் அதிர்வுக்குத் தனிக் கணக்கு அதில் இல்லை. அந்த விகிதம் தேறியது என்பதை நுண்கருவிக்கான சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

இந்தக் கட்டடத்தில் ஒன்று இன்னும் திறந்தே இருக்கிறது. கருவிகள் நிற்கும் மூலைக்கு அடுத்த கட்டம் இப்போது காலியாக உள்ளது. அதைப் பயிற்சிக் கூடமாக்கும் எண்ணம் முதலாளிக்கு உண்டு. அப்படி ஆக்கினால் ஆட்கள் கூட்டமாக வந்துபோகும் பாதை மறுபடியும் கருவிப் பக்கம் திரும்பும். அறிக்கையில் அந்தக் கட்டத்தைச் சிவப்புக் கோட்டால் குறித்து, பயன்பாடு மாறினால் மேசைமேலும் தளத்திலும் மறுபடி அளக்க வேண்டும் என்று எழுதி, கட்டட உரிமையாளருக்கும் ஒரு பிரதி கொடுத்திருக்கிறோம்.